பனிக்காலத்தில் என்ன அறுவடை என்று கேட்கும் பிள்ளைகளுக்கு

டொரன்டோவிலும் சுற்றூர்களிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு,

தை பிறந்து வரும் முதல் சனிக்கிழமை நம் பொங்கல் விழா. அம்மா, அப்பா, பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாத்தா பாட்டி, அம்மம்மா அப்பப்பா என்று குடும்பத்தோடு வர வேண்டும் என்று அழைக்கவே இந்த மடல். மேடையில் சொல்ல வேண்டிய வரவேற்புரையை இம்முறை முன்கூட்டியே எழுத்தில் அனுப்புவதற்குக் காரணம் உண்டு. வரவேற்புரையில் பொங்கலைப் பற்றிச் சொல்லப்படுவதை எல்லாம் பிள்ளைகள் அன்றைக்குக் கேட்டு அன்றைக்கே மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கேள்வி கேட்பது மண்டபத்தில் அல்ல. வீட்டில், காரில், சாப்பாட்டு மேசையில். அங்கே பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால் உரை முதலில் உங்கள் கைக்கு வருவதுதான் முறை.

கனடாவில் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவிக்கும் தீர்மானம் 2016 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஒன்டாரியோ மாகாணம் அதற்கு முன்பே, 2014இல், சட்டமாகவே ஆக்கிவிட்டது. ஜனவரியைத் தேர்ந்தெடுத்ததே பொங்கலுக்காகத்தான். இதனால் நம் பிள்ளைகளுக்கு ஒரு புதுப் பொறுப்பு வந்திருக்கிறது. வகுப்பில் எழுந்து நின்று, தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குப் பொங்கலை விளக்க வேண்டியிருக்கிறது. அப்போது எதிரே வரும் கேள்விகள் எளிமையானவை, ஆனால் தப்பிக்க முடியாதவை. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கும்போது என்ன அறுவடை? தீபாவளி ஆண்டுக்கு ஒரு தேதியில் வருகிறது, பொங்கல் மட்டும் ஏன் ஏறக்குறைய ஒரே தேதியில் வருகிறது? பாலை வேண்டுமென்றே ஏன் வழியவிடுகிறீர்கள்? ‘அது எங்கள் பண்பாடு’ என்பது இவற்றில் எதற்கும் பதில் ஆகாது. பொங்கலில் செய்கிற ஒவ்வொன்றுக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணத்தைச் சொன்னால் போதும் என்பதுதான் நான் உங்களிடம் வைக்க விரும்பும் வாதம். பெருமைச் சொற்களால் விளக்குவதைவிட அது பிள்ளைகளிடம் நன்றாக நிற்கும்.

முதலில் சூரியன். பொங்கல் அன்று சூரியன் வடக்கே திரும்புகிறது, உத்தராயணம் பிறக்கிறது என்று நாம் சொல்வது வழக்கம். ஆனால் இங்கே ஐந்தாம் ஆறாம் வகுப்பில் படிக்கிற பிள்ளைக்கு, ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22 என்பதும், சூரியன் திரும்புவது அன்றைக்குத்தான் என்பதும் தெரியும். ஆசிரியர் சொல்வது ஒன்று, அப்பா சொல்வது வேறொன்று என்றால் பிள்ளை யாரை நம்பும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டும் ஒரு காலத்தில் ஒன்றாகத்தான் இருந்தன. நம் நாட்காட்டி விண்மீன்களை வைத்துச் சூரியனின் இடத்தைக் கணிக்கிறது. மகர ராசியில் சூரியன் நுழைவதே தை முதல் நாள். ஆங்கில நாட்காட்டி பருவங்களை வைத்து ஆண்டைக் கணிக்கிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறிக்கொண்டே இருப்பதால், இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவில் ஏறத்தாழ இருபது நிமிட வேறுபாடு இருக்கிறது. சுமார் எழுபது ஆண்டுக்கு ஒரு நாள் என்று அது சேர்ந்துகொண்டே போகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் மகரப் பிறப்பும் குறுகிய பகலும் ஒரே நாளில் வந்தன. அதன்பின் மூன்று வாரத்துக்கு மேல் விலகிவிட்டன.

இதற்குப் பிள்ளைகளுக்குக் காட்டக்கூடிய சான்று ஒன்று உண்டு. விவேகானந்தர் மகர சங்கராந்தி அன்று பிறந்தவர். அவர் பிறந்த நாள் 1863 ஜனவரி 12. அன்றைக்கு 12இல் வந்த பண்டிகை இன்று 14இல் அல்லது 15இல் வருகிறது. ஆங்கில நாட்காட்டியில் 1900 லீப் ஆண்டாகக் கொள்ளப்படாததும் இதில் ஒரு நாள் கூட்டியிருக்கிறது. மீதி, நான் மேலே சொன்ன விலகல். தீபாவளி அமாவாசையைப் பின்பற்றுகிறது, நிலாவோடு அலைகிறது. பொங்கல் சூரியனை மட்டும் பின்பற்றுகிறது, அதனால் நகர்ந்தாலும் தலைமுறைக்கு ஒரு நாள்கூட நகர்வதில்லை. இவ்வளவையும் பத்து வயதுப் பிள்ளையால் புரிந்துகொள்ள முடியும். ‘திரும்புகிறது’ என்பதை ‘திரும்பிவிட்டது, இப்போது நன்றாகத் தெரிகிறது’ என்று மாற்றிச் சொன்னால் பள்ளிப் பாடத்தோடு எந்த முரணும் இல்லை.

தெரிகிறது என்று நான் எழுதியதை இந்த ஊரில் சோதித்துப் பார்க்கலாம். தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு ஒன்றேகால் மணி நேரம்தான். டொரன்டோவில் அது ஆறரை மணி நேரம். டிசம்பர் 21இல் இங்கே பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பொங்கல் வரும்போது அதில் சுமார் இருபது நிமிடம் கூடியிருக்கும். காலையில் இந்த மாற்றம் தெரியாது, ஏனென்றால் ஜனவரி முதல் வாரம் வரை சூரியன் இன்னும் தாமதமாகவே உதித்துக்கொண்டிருக்கும். மாலையில் தெரியும். டிசம்பர் முதல் பாதியில் நாலு நாற்பதுக்கு மறையும் சூரியன் பொங்கலன்று ஐந்து மணி தாண்டித்தான் மறைகிறது. டிசம்பர் பத்தாம் தேதி தொடங்கி, வாரத்துக்கு ஒருமுறை சூரியன் மறையும் நேரத்தைப் பிள்ளைகள் ஒரு தாளில் குறித்து வரட்டும். இந்த மடல் உங்கள் கைக்கு வருவதற்குள் அந்த நாள் கடந்திருந்தாலும் மீதி வாரங்கள் போதும். சூரியன் திரும்பியதற்கு நன்றி சொல்லும் விழாவை, சூரியன் திரும்புவதைக் கண்ணால் பார்க்கிற ஊரில் கொண்டாடுகிறோம். இந்த ஒரு விஷயத்தில் காவிரிக் கரையில் வளரும் பிள்ளையைவிட இங்கே வளரும் பிள்ளைக்குப் பொங்கல் எளிதாகப் புரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்தது நெல். பனியில் அறுவடையா என்ற கேள்விக்கு, ‘அறுவடை இங்கே அல்ல, அங்கே’ என்பது பாதிப் பதில்தான். ஏன் அங்கே அது தையில் வருகிறது என்பதே மீதிப் பாதி. காவிரிப் படுகையில் சம்பா நெல்லுக்கு ஆவணி, புரட்டாசியில் நாற்றுவிட்டு நடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது பயிர் தூர் கட்டும். மார்கழிப் பனியில் கதிர் முற்றும். தையில் அரிவாள் எடுப்பார்கள். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மானாவாரி வயல்களுக்கு இதே மழைதான் உயிர். விதைப்பு மழையை ஒட்டி நடக்கும், அறுப்பு தை மாசியில் வரும். ஆக, பொங்கலின் தேதியைச் சூரியன் குறித்தாலும், அந்தத் தேதியில் வீட்டில் புது நெல் இருக்கும்படி செய்தது அந்த மழை. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் புதிர் எடுப்பது பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதல் கதிர்களை வீட்டுக்குக் கொண்டுவரும் அந்தச் சடங்கு அங்கே தைப்பூசத்தோடு சேர்ந்து வருவதால், எல்லா வயலும் பொங்கலுக்கு முன்பே அறுபட்டுவிடுவதில்லை என்பதும் பிள்ளைகளுக்குத் தெரியவரும். அறுவடை முடிந்த களிப்பு என்று பாடநூல்கள் எழுதுகின்றன. பல ஊர்களில் அது அறுவடை தொடங்கும் நாட்களின் விழா.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று இருக்கிறது. பழைய நீண்டகாலச் சம்பா ரகங்கள் பலவும் பகலின் நீளத்தை உணரக்கூடியவை. சற்று முன்பின்னாக நட்டாலும், பகல் குறையத் தொடங்கிய பிறகுதான் அவை பூக்கும். பூத்து ஒரு மாதம், ஐந்து வாரத்தில் அறுப்புக்கு வரும். ஒன்றேகால் மணி நேர வேறுபாடு என்று மேலே சொன்னேனே, தஞ்சாவூரில் வாழும் மனிதர் பெரிதாகக் கவனிக்காத அந்தச் சிறு மாற்றத்தை நெற்பயிர் கவனிக்கிறது. 1966இல் வெளிவந்த ஐ.ஆர். 8 போன்ற குறுகியகால ரகங்களுக்கு இந்த உணர்வு அநேகமாக இல்லை. அதனால்தான் அவற்றை ஆண்டில் இரண்டு மூன்று போகம் விளைவிக்க முடிகிறது. பழைய சம்பாவில் சூரியனே நாள் குறித்தது. சூரியனுக்கு நன்றி என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. வெளிச்சத்தில் பயிர் வளர்கிறது என்பது உலகத்துப் பயிர்கள் எல்லாவற்றுக்கும் பொது. எப்போது பூக்க வேண்டும் என்று கதிரவன் சொல்லிக் கேட்ட நெல்லைத்தான் நம் முன்னோர் பானையில் இட்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. முன்னோர் இந்த அறிவியலை எல்லாம் அறிந்தே பொங்கலை அமைத்தார்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பகல் நீளம் பயிரைப் பூக்கவைக்கும் விதம் இருபதாம் நூற்றாண்டில் கண்டறியப்பட்டது. முன்னோர் அறிந்தது எந்த மாதம் நட்டால் எந்த மாதம் அறுக்கலாம் என்பது. பல தலைமுறை கவனித்துச் சேர்த்த அந்த அறிவு தன்னளவில் பெரியது. அதற்கு இல்லாத நகை பூட்டத் தேவையில்லை. ஒன்றை மிகைப்படுத்திச் சொல்லிப் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிட்டால், நீங்கள் சொன்ன மற்ற உண்மைகளையும் அது சேர்த்தே தள்ளிவிடும்.

இனி பானை. பால் ஏன் பொங்கி வழிகிறது, தண்ணீர் ஏன் வழிவதில்லை? தண்ணீர் கொதிக்கும்போது குமிழ் மேலே வந்ததும் உடைந்துவிடும். பாலில் இருக்கும் புரதம் ஒவ்வொரு குமிழையும் சுற்றி மெல்லிய சவ்வாக நின்று உடையவிடாமல் காக்கிறது. அரிசி களைந்த தண்ணீரில் இருக்கும் மாவுச்சத்தும் நுரை தாங்க உதவுகிறது. அதனால்தான் முதல் கழுவலைக் கொட்டிவிட்டு, இரண்டாவது கழுநீரை எடுத்து வைத்துப் பானையில் ஊற்றுவார்கள். குமிழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பானையின் கழுத்து குறுகும் இடத்தில் விரைவாக உயர்ந்து விளிம்பைத் தாண்டுகின்றன. வாய் அகன்ற சமையல் பாத்திரத்தில் அதே பாலை வைத்தால் நுரை பரந்து அடங்கிவிடும். ‘பொங்கலோ பொங்கல்’ என்று சொல்லக் காத்திருக்கும் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். கடந்த காலத்தில் பால் பொங்காமல் போன வீடுகளில் பெரும்பாலும் குறை இரண்டில் ஒன்றாக இருந்திருக்கும்: அகன்ற பாத்திரம், அல்லது பாதிக்கும் கீழே ஊற்றிய பால். அபசகுனம் என்று எவரும் மனம் வருந்த வேண்டாம்.

ஒரு குடும்பத்துக்கான கணக்கை எழுதிவிடுகிறேன். இரண்டு லிட்டர் கொள்ளும், வாய் குறுகிய பானை. அதில் ஒரு லிட்டர் கழுநீரும் அரை லிட்டர் பாலும் ஊற்றினால் முக்கால் பானை ஆகும். பொங்கி வழிந்ததும் தீயைக் குறைத்து, ஒரு கப் அளவு நீரை மொண்டு தனியே வையுங்கள். பிறகு ஒரு கப் பச்சரிசியும், லேசாக வறுத்த கால் கப் பாசிப்பருப்பும் போட வேண்டும். யாழ்ப்பாண வழக்கில் குடும்பத் தலைவர் இரு கைகளாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று முறை சுற்றிவிட்டு இடுவார். பிள்ளைகளும் அவர் பின்னால் ஒவ்வொரு பிடி இடட்டும். அரிசி வெந்துவரும்போது மொண்டு வைத்த நீரைத் தேவைக்கு ஏற்பச் சேர்க்கலாம். அரிசி விரலில் நசுங்கும் அளவுக்குக் குழைந்த பிறகே வெல்லம். இந்த வரிசை மாறினால் பொங்கல் கெடும், அதற்கும் காரணம் உண்டு. சர்க்கரைப் பாகு தண்ணீரைத் தன்பக்கம் பிடித்து வைத்துக்கொள்வதால் அரிசிக்கு வேகத் தேவையான நீர் கிடைக்காது. வெல்லத்தை முன்னாலேயே போட்டால் எவ்வளவு நேரம் வைத்தாலும் நடுவில் விதை போல ஒன்று பல்லில் தட்டும். ஒன்றரைக் கப் வெல்லத்தைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டி, தீயை நன்றாகத் தணித்துவிட்டு ஊற்றுங்கள். கொதிக்கும் பாலில் நேரடியாக ஊற்றினால் சில வெல்லங்களில் இருக்கும் புளிப்பால் பால் திரியும். முந்திரியை மட்டும் நெய்யில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் கொண்டுவாருங்கள்; ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் நம்மில் இருக்கிறார்கள்.

மண்பானை வேண்டும் என்று ஆண்டுதோறும் பலரும் கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை; ஆனால் இந்தக் குளிரில் அது எப்படி உடைகிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும். மைனஸ் பத்து டிகிரியில் காரின் பின்புறத்தில் கிடந்த பானையை எடுத்து நேரே அடுப்பில் ஏற்றினால், அடி விரைவாகச் சூடேறி விரியும், கழுத்து குளிர்ந்தே இருக்கும், நடுவில் விரிசல் ஓடும். புதுப் பானையை முந்தின நாள் முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மண்டபத்துக்கு வந்ததும் வெதுவெதுப்பான நீர் ஊற்றி அரைமணி நேரம் உள்ளேயே வைத்திருக்க வேண்டும். ஊறவைக்கும் முன், பானை உலர்ந்திருக்கும்போதே விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. ஒலி மந்தமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது, அந்தப் பானையைக் கோலத்தின் நடுவே அலங்காரமாக வைத்துவிடலாம். இண்டக்‌ஷன் அடுப்பில் மண்பானையும் பித்தளைப் பானையும் சூடேறவே ஏறாது. காந்தம் ஒட்டும் அடியுள்ள எவர்சில்வர் பானைதான் வேண்டும்.

வாயு அடுப்பை மண்டபத்துக்குள் மூட்டலாமே, கதவைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பதில் போதாது என்பதே. முகாம் அடுப்பு மூடிய இடத்தில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே தெரியும். ஆகவே நெருப்பு முற்றத்தில், மண்டப நிர்வாகத்தின் அனுமதியோடு, காற்றுத் தடுப்பு வைத்து எரியும், உள்ளே மின்னடுப்பு. ஊரிலும் பொங்கல் முற்றத்தில், சூரியனைப் பார்த்தபடிதான் வைக்கப்பட்டது என்பதால் இதில் இழப்பு ஒன்றுமில்லை. குளிருக்குப் பயந்து பிள்ளைகளை உள்ளேயே வைத்திருக்க வேண்டாம். கால்மணி நேரம் வெளியே நிற்க அவர்கள் பள்ளி இடைவேளையில் பழகியவர்கள்தான்.

மாட்டுப் பொங்கல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தஞ்சையில் மாட்டுப் பொங்கல் என்பார்கள், யாழ்ப்பாணத்திலும் கொங்கு நாட்டிலும் பட்டிப் பொங்கல் என்பார்கள். மாடே இல்லாத ஊரில் அட்டையில் மாடு வெட்டி மேடையில் நிறுத்துகிறோம். அதைத் தவறென்று சொல்லமாட்டேன். ஆனால் மாடு என்ன செய்தது என்பதைச் சொல்லாமல் அட்டை மாட்டுக்குப் பொட்டு வைத்தால் பிள்ளைக்கு அது வேறு ஒரு விளையாட்டாகவே தங்கும். உழுதது மாடு. அறுத்த கதிரைக் களத்தில் பரப்பி அதன்மேல் சுற்றிச் சுற்றி நடந்து நெல்லைப் பிரித்தது மாடு. வைக்கோலைத் தின்று எருவை வயலுக்குத் திருப்பித் தந்ததும், மூட்டையை வண்டியில் ஏற்றிச் சென்றதும் அதுதான். இன்று இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை டிராக்டரும் அறுவடை இயந்திரமும் செய்கின்றன. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். நம் பானையில் ஊற்றும் பால் ஒன்டாரியோவின் பால் பண்ணைகளில் வளரும் மாடுகளின் பால். அரிசியும் வெல்லமும் கரும்பும் கடல் கடந்து வருகின்றன, பால் மட்டும் இந்த மண்ணிலிருந்து வருகிறது. நன்றி சொல்ல மாடு எங்கே என்று பிள்ளை கேட்டால், நகரத்தை விட்டு ஒரு மணி நேரம் காரில் போனால் காட்டலாம்.

இவ்வளவு காரணம் சொன்னால் பக்தி போய்விடாதா என்று பெரியவர்கள் சிலர் வருந்தக்கூடும். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. குமிழை எது தாங்குகிறது என்று தெரிந்த பிள்ளையும் பால் பொங்கும் நொடியில் கத்தத்தான் செய்யும். காரணம் தெரிந்ததால் கைகூப்ப முடியாமல் போனவர்கள் குறைவு. காரணம் கேட்டபோது அதட்டப்பட்டதால் விலகிப்போனவர்கள் அதிகம். இதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கேள்வியும் உண்டு: இது இந்துப் பண்டிகை அல்லவா, கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்கள் எப்படிக் கலந்துகொள்வது? தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பல கத்தோலிக்கத் தேவாலயங்களின் முற்றத்தில் பொங்கல் வைக்கிறார்கள். சூரியன், மழை, நெல், மாடு, உழைத்தவர் என்று காரணங்களை எடுத்து வைத்தால், அதில் எந்தக் குடும்பத்துக்கும் விலக்கு இல்லை. படையலும் வழிபாடும் விரும்புகிறவர்கள் செய்யட்டும். அதற்கு ஒரு பக்கம் இடம் இருக்கும். வணங்காமல் அரிசி இடுகிற கை குறைந்த கை என்று நம் சங்கத்தில் யாரும் நினைக்கக்கூடாது.

சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்த பொங்கல் எப்படிப் பொங்கலாகும் என்று கேட்பவர்களின் மறுப்பு நியாயமானது. நான் மேலே சூரியனைப் பற்றி எழுதியதெல்லாம் தேதியைச் சார்ந்தது. அந்தத் தேதியை நாமே மாற்றினால் வாதம் என்னாவது? என் பதில், இரண்டையும் செய்ய வேண்டும் என்பது. தை முதல் நாள் காலையில் டொரன்டோவில் சூரியன் ஏழே முக்காலுக்குப் பிறகுதான் உதிக்கிறது. பள்ளிக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு சிறு பானை பாலைப் பொங்கவைத்து அரிசி இட நேரம் இருக்கிறது. வெந்ததை மாலையில் சாப்பிடலாம். தஞ்சையில் ஆறரை மணிக்கே உதித்துவிடும் சூரியனுக்கு முன் எழ வேண்டிய கஷ்டம்கூட இங்கே இல்லை. சனிக்கிழமை நாம் கூடுவது உண்மையில் காணும் பொங்கல். உறவினரையும் பெரியவர்களையும் தேடிப் போய்ப் பார்த்து, சேர்ந்து சாப்பிடும் நாள் அது. அப்படிப் பெயரிட்டு அழைத்தால் தேதிக்கும் குறையில்லை, கூடுவதற்கும் குறையில்லை. விழாத்தாளில் இனி அந்தப் பெயரையே போட வேண்டும் என்று செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

கூடும்போது ஒரே முறையை எல்லார்மீதும் வைக்க வேண்டியதில்லை. ஒரு பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தும் இஞ்சிக் கொத்தும் இருக்கட்டும். இன்னொன்றில் வறுத்த பயறும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் புக்கை வேகட்டும். திருநெல்வேலிக் குடும்பங்கள் பனங்கிழங்கு கிடைத்தால் கொண்டுவரட்டும், கொங்கு நாட்டவர் வேப்பிலையும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டுவதைச் சொல்லிக்காட்டட்டும். ஒரு பிள்ளை நான்கு பானைகளைச் சுற்றி வந்தால், எது ஊருக்கு ஊர் மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று தானே கண்டுகொள்ளும். மாறாமல் இருப்பது அரிசி, பொங்குதல், கிழக்கு நோக்கிய அடுப்பு. இதை நாம் மேடையிலிருந்து சொல்லாமல் விட்டுவிடுவது நல்லது.

ஆகவே இந்த முறை வரவேற்புரைக்கு நேரம் ஒதுக்கவில்லை. மண்டபத்துக்கு வந்ததும் நேரே முற்றத்துக்கு வாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு பிடி பச்சரிசியும், சூரியன் மறைந்த நேரங்களைக் குறித்த தாளும் கொண்டுவர வேண்டும். பிடி அரிசியை எந்தப் பானையில் இடுவது என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கலாம். தாள்களைச் சுவரில் ஒட்டுவோம். தாத்தா பாட்டிகள் அவரவர் ஊர்ப் பானைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். தடித்த மேலங்கி, கையுறை, மூடிய காலணி கட்டாயம். பட்டுப்பாவாடையும் வேட்டியும் அவற்றுக்குள்ளே இருக்கட்டும். தீயின் அருகே நிற்க பெரியவர்கள் நால்வர் தேவை, முன்வருகிறவர்கள் செயற்குழுவிடம் இப்போதே பெயர் கொடுங்கள். குடும்பத்தோடு வாருங்கள்.